முக்கால் பங்கு என்பது எத்தனை பீரியட்?

செமஸ்டர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, பொறியியல் கல்லூரிகளில் கிளாஸ் அட்வைசர்களிடம் துறைத் தலைவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஷார்ட்டேஜ் லிஸ்ட் எப்போது வரும்?” அட்வைசர் கையில் ஓர் எக்செல் கோப்பு இருக்கும். இடப்பக்கம் பதிவெண்ணும் பெயரும். அடுத்து, பாடவாரியாக எத்தனை பீரியட் நடந்தது, மாணவர் எத்தனைக்கு வந்தார் என்ற எண்கள். கடைசியில் ஒரு சதவீதம். எழுபத்தைந்துக்குக் கீழே இருப்பவர்களைச் சிவப்பாக்கி, அந்தப் பெயர்களைத் தனியே எடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்தச் சிவப்புக் கட்டத்தில் ஒரு மாணவரின் ஓர் ஆண்டு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, இணைப்புக் கல்லூரி ஒன்றில் படிப்பவரின் மொத்த வருகை 65 சதவீதத்துக்கும் கீழே போனால் அவர் அந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது. அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. மறு கல்வியாண்டில் அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். இவ்வளவு பெரிய முடிவு, பெரும்பாலும் எல்லைக்கோட்டின் அருகே ஒன்றிரண்டு பீரியடில் தீர்மானமாகிறது. அந்த ஒன்றிரண்டு பீரியட், மாணவர் வராததால் குறைந்ததா, கணக்குப் போட்ட விதத்தால் குறைந்ததா என்பதைக் கோப்பை அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

விதி என்ன சொல்கிறது?

“75 சதவீதம் வேண்டும்” என்று எல்லோரும் சொல்கிறோம். அது விதியின் சுருக்கம் மட்டுமே. எதில் 75, எதை எதால் வகுத்து 75, தசமத்தை என்ன செய்வது என்று விதியை முழுதாகப் படித்தால்தான் தெரியும். படிப்புக்குப் படிப்பு இது மாறுகிறது.

மேலே சொன்ன அண்ணா பல்கலைக்கழக விதியில், எல்லாப் பாடங்களையும் சேர்த்த மொத்த வருகைதான் கணக்கு. அது, அருகிலுள்ள முழு எண்ணாக மாற்றிய பிறகு, 75-க்குக் குறையக் கூடாது. 65 முதல் 74 வரை இருப்பவர்கள் மருத்துவக் காரணத்துக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ உரிய சான்றிதழைக் கொடுத்தால் அனுமதிக்கப்படலாம்.

சட்டப் படிப்பில் வேறு மாதிரி. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் கேட்கின்றன. ஒரு பாடத்தில் அது குறைந்துபோய், அதற்குத் தக்க காரணமும் இருந்தால், அந்தப் பாடத்தில் குறைந்தது 65 சதவீதமும் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 70 சதவீதமும் இருக்கும் பட்சத்தில் தேர்வெழுத அனுமதிக்கலாம். எம்.பி.பி.எஸ். படிப்புக்கான 2019-ஆம் ஆண்டு விதிகளில் வகுப்புப் பாடத்துக்கு 75, செய்முறைக்கும் மருத்துவமனைப் பயிற்சிக்கும் 80 என்று பாடந்தோறும் இரண்டு கோடுகள் இருந்தன.

ஆக, கோப்பில் கை வைப்பதற்கு முன் நான்கு விஷயங்களை விதியைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு பாடவாரியா, மொத்தமாகவா? வகுக்கும் எண் எது? முழு எண்ணாக மாற்றலாமா? கோட்டுக்கும் அதற்குக் கீழுள்ள கோட்டுக்கும் நடுவே இருப்பவர்கள் யார்? தன்னாட்சிக் கல்லூரிகளுக்குச் சொந்த விதிமுறை இருக்கும் என்பதால் பக்கத்துக் கல்லூரியின் பழக்கத்தைப் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது.

ஒரு மாணவி, பல விடைகள்

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 20 பீரியட், 15 வாரம், மொத்தம் 300 பீரியட். ஆறு பாடங்கள். ஒரு மாணவியின் எண்கள் இவை:

| பாடம் | நடந்தது | வந்தது | சதவீதம் |
|---|---|---|---|
| கணிதம் | 60 | 40 | 66.67 |
| இயற்பியல் | 45 | 30 | 66.67 |
| புரோகிராமிங் | 45 | 33 | 73.33 |
| ஆங்கிலம் | 30 | 27 | 90.00 |
| இயற்பியல் லேப் | 60 | 48 | 80.00 |
| புரோகிராமிங் லேப் | 60 | 46 | 76.67 |
| மொத்தம் | 300 | 224 | 74.67 |

இவருக்கு வருகை போதுமா?

மொத்த வருகை, முழு எண்ணாக்கலாம் என்பது விதியானால் 74.67 என்பது 75 ஆகிவிடும். போதும். மொத்த வருகைதான், ஆனால் முழு எண்ணாக்கக் கூடாது என்றால் 300-இல் முக்கால் பங்கு 225. இவரிடம் இருப்பது 224. ஒரே ஒரு பீரியடில் குறைவு. பாடந்தோறும் 75 வேண்டும் என்றால் கணிதம், இயற்பியல், புரோகிராமிங் மூன்றிலும் குறைவு. பார் கவுன்சில் விதியின் வடிவத்தை இந்த எண்களின் மேல் வைத்துப் பார்த்தால், இரண்டு பாடங்கள் 70-க்குக் கீழே, ஆனால் 65-க்கு மேலே. மொத்தமும் 70-க்கு மேலே. எனவே தக்க காரணம் இருந்தால் அனுமதிக்கலாம் என்ற இடத்தில் நிற்கிறார்.

மாணவி வந்ததும் வராததும் எங்கும் மாறவில்லை. விதி மாறும்போது விடை மாறுகிறது. அதனால்தான் எந்த விதியைப் பயன்படுத்தினோம் என்று எழுதாமல் அனுப்பும் பட்டியலைப் பெறுகிறவர் சரிபார்க்கவே முடியாது.

சதவீதங்களின் சராசரி

இந்தக் கோப்புகளில் அதிகம் நடக்கும் பிழை, ஆறு பாடங்களின் சதவீதத்தையும் கூட்டி ஆறால் வகுப்பது. பாடவாரிச் சதவீதம் ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது, பக்கத்துக் கட்டத்தில் ஒரு ஏவரேஜ் போட்டால் போதும் என்று கை தானாகப் போகும். மேலுள்ள மாணவிக்கு அப்படிச் செய்தால் 75.56 வரும். உண்மையான மொத்தம் 74.67. கோட்டுக்குக் கீழே இருந்தவர் மேலே ஏறிவிட்டார்.

காரணம் எளியது. ஆங்கிலம் 30 பீரியட், கணிதம் 60. சராசரி எடுக்கும்போது இரண்டுக்கும் சம எடை கிடைக்கிறது. ஓர் ஆங்கில வகுப்புக்கு வந்தது இரண்டு கணித வகுப்புகளுக்கு வந்ததற்குச் சமமாகிவிடுகிறது. சின்னப் பாடத்தில் ஒழுங்காக வந்தவர்களுக்கு இது லாபம்.

சின்னப் பாடத்தில் வராதவர்களுக்கு இதே பிழை அநியாயம் செய்யும். இன்னொரு மாணவரை நினைத்துப் பாருங்கள்: கணிதத்தில் 60-க்கு 54, இயற்பியலிலும் புரோகிராமிங்கிலும் 45-க்கு 33 வீதம், இரண்டு லேபிலும் 60-க்கு 47 வீதம், ஆங்கிலத்தில் மட்டும் 30-க்கு 12. மொத்தம் 226, அதாவது 75.33 சதவீதம். மொத்த வருகை விதிப்படி இவருக்கு எந்தக் குறையும் இல்லை. சதவீதங்களின் சராசரியோ 72.22 என்று காட்டும். பட்டியலில் பெயர் ஏறும், வீட்டுக்கு போன் போகும், இல்லாத குறைக்கு மருத்துவச் சான்றிதழ் தேடி ஒரு குடும்பம் அலையும்.

மேலுள்ள அட்டவணையில் நடந்தது B பத்தியிலும், வந்தது C பத்தியிலும், சதவீதம் D பத்தியிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், தவறான சூத்திரமும் சரியான சூத்திரமும் இப்படி இருக்கும்:

```
தவறு:  =AVERAGE(D2:D7)
சரி:   =SUM(C2:C7)/SUM(B2:B7)
```

வந்த கோப்பில் எது பயன்பட்டிருக்கிறது என்று அறிய, மொத்தச் சதவீதக் கட்டத்தைச் சொடுக்கி மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பார்த்தால் போதும். அங்கே சூத்திரம் இல்லாமல் வெறும் எண் ஒட்டப்பட்டிருந்தால் நாமே மொத்தங்களைக் கூட்டி வகுத்துப் பார்க்க வேண்டும். எல்லாப் பாடமும் ஒரே எண்ணிக்கையில் நடந்திருந்தால் இரண்டு வழியும் ஒரே விடை தரும். அதனால்தான் இந்தப் பிழை சில செமஸ்டர்களில் கண்ணுக்குத் தெரியாமலே கடந்துபோகிறது.

திரையில் 75, உள்ளே 74.67

எக்செலில் ஒரு கட்டத்தைச் சதவீதமாக வடிவமைக்கும்போது, தசமம் இல்லாமல் வைத்தால் 74.67 என்பது திரையில் 75% என்று தெரியும். உள்ளே இருக்கும் மதிப்பு மாறாது. “75-க்குக் குறைவா?” என்று சூத்திரம் கேட்டால், அது உள்ளே இருக்கும் 74.67-ஐப் பார்த்து “குறைவு” என்று சொல்லும். அச்சிட்ட தாளில் 75% என்ற எண்ணும் அதன் பக்கத்திலேயே “குறைவு” என்ற சொல்லும் நிற்கும். அந்தத் தாளோடு வந்து நிற்கும் பெற்றோருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

தப்பு எங்கே என்றால், முழு எண்ணாக்கும் வேலையை விதி செய்யச் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம்; கோப்பு அதைக் கண்ணுக்கு மட்டும் செய்கிறது, தீர்ப்புக்குச் செய்யவில்லை. முழு எண்ணாக்கலாம் என்று விதி சொன்னால் அது சூத்திரத்துக்குள் இருக்க வேண்டும். கூடாது என்று சொன்னால் திரையிலும் இரண்டு தசமம் தெரிய வேண்டும். எட்டாவது வரிசையில் மொத்தங்கள் இருந்தால், இரண்டு விதிகளுக்கும் சூத்திரங்கள் இவை:

```
முழு எண்ணாக்கலாம்:
=IF(ROUND(C8/B8*100,0)>=75,"போதும்","குறைவு")

முழு எண்ணாக்கக் கூடாது:
=IF(C8*100>=B8*75,"போதும்","குறைவு")
```

இரண்டாவது சூத்திரத்தில் வகுத்தலே இல்லை. வந்த பீரியடை 100-ஆல் பெருக்கி, நடந்த பீரியடை 75-ஆல் பெருக்கி, இரண்டு முழு எண்களை ஒப்பிடுகிறோம். மேலுள்ள மாணவிக்கு 22,400, தேவை 22,500. தசமத்தைப் பற்றிய சந்தேகத்துக்கு இங்கே இடமே இல்லை.

இரண்டு சூத்திரத்திலும் உள்ள `>=` குறியைக் கவனியுங்கள். “75-க்குக் குறையக் கூடாது” என்பதுதான் விதி. சரியாக 225 பீரியட் வந்தவர் தேறிவிட்டார். `>` என்று மட்டும் போட்டால் அவரும் குறைவுப் பட்டியலில் விழுவார். மொத்தம் 300, 360, 400 போல நாலால் வகுபடும் எண்ணாக இருக்கும் செமஸ்டர்களில் கோட்டின் மேலேயே நிற்கும் மாணவர் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு.

இன்னொரு சிக்கல், இரண்டு முறை முழுமையாக்குவது. 368-இல் 274 பீரியட் வந்தவரின் சதவீதம் 74.46. முழு எண்ணாக்கினால் 74. ஒருவர் முதலில் அதை ஒரு தசமத்துக்குச் சுருக்கி 74.5 என்று எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதை மறுபடியும் முழு எண்ணாக்கினால் 75. கோப்பு கை மாறும்போது சதவீதத்தை மட்டும் கொடுப்பதால் வரும் வினை இது. பீரியட் எண்ணிக்கையைக் கொடுத்தால் இது நடக்காது.

அண்ணா பல்கலைக்கழக விதி 65 முதல் 74 வரை ஒரு பிரிவு, 75 முதல் அடுத்த பிரிவு என்று வைப்பதிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. முழு எண்ணாக்காவிட்டால் 74.67 இந்த இரண்டில் எதிலும் சேராது. முழு எண்ணாக்கினால்தான் ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஒரு பிரிவில் அடங்குவார். விதியின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மறு பகுதியை விட்டால் பட்டியல் ஓட்டையாகும்.

வகுக்கும் எண்

பெரும்பாலான சச்சரவு மேலே உள்ள எண்ணில் வருவதில்லை. கீழே உள்ள எண்ணில் வருகிறது. மாணவர் எத்தனை நாள் வந்தார் என்பது அவருக்கே தெரியும். எத்தனை பீரியடுக்கு எதிராக அதை வைக்கிறோம் என்பதில்தான் ஆளுக்கு ஒரு கணக்கு.

2017 விதிமுறையில் வகுக்கும் எண், பாடத்திட்டத்தில் வாரத்துக்குக் குறித்த பீரியடை 15-ஆல் பெருக்கி எல்லாப் பாடத்துக்கும் கூட்டிய தொகை. வேறு கல்லூரிகளில் உண்மையில் நடந்த வகுப்புகளின் எண்ணிக்கையை வைக்கிறார்கள். மழை விடுமுறையில் சில வகுப்புகள் போய், ஈடுகட்டும் வகுப்பும் நடக்கவில்லை என்றால் இரண்டும் ஒன்றாக இருக்காது. எதை எடுத்தாலும் ஒரு வகுப்பில் எல்லோருக்கும் ஒரே முறைதான் இருக்க வேண்டும்.

நடந்த வகுப்பை எண்ணும்போது லேபைத் தனியாகப் பார்க்க வேண்டும். வகுப்பை இரண்டு பேட்ச்சாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பேட்ச்சின் லேப் நாள் விடுமுறையில் போயிருந்தால் அவர்களுக்கு நடந்தது 56, மற்றவர்களுக்கு 60. கோப்பின் மேல் வரிசையில் 60 என்று ஒரே எண்ணை எழுதி எல்லோருக்கும் அதையே வகுத்தால், முதல் பேட்ச் முழுக்கத் தலைக்கு நான்கு பீரியட் இழக்கும். யாரும் ஒரு நாளும் விடுப்பு எடுக்காமலே.

வெற்றுக் கட்டம் இன்னொரு இடர். P என்றால் வந்தார், A என்றால் வரவில்லை. ஒன்றுமே இல்லை என்றால்? வகுப்பு நடக்கவில்லையா, ஆசிரியர் குறிக்க மறந்தாரா, மாணவர் அப்போது கல்லூரியிலேயே சேரவில்லையா? மூன்றும் வெவ்வேறு, கோப்புக்கோ மூன்றும் ஒன்றே. இதில் `COUNTIF` கொண்டு P-க்களை எண்ணினால், P-க்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்த கட்டங்களையும் அது எண்ணாமல் விட்டுவிடும். கண்ணுக்கு P தெரியும், கணக்கில் சேராது.

இவை எல்லாவற்றையும் பிடிக்க ஒரே சோதனை போதும். ஒவ்வொரு மாணவருக்கும் P, A, ஓ.டி. மூன்றையும் தனித்தனியே எண்ணிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை, அவருடைய பேட்ச்சுக்கு நடந்த பீரியடுக்குச் சமமாக வர வேண்டும். வராத வரிசைகளை மட்டும் தேதிவாரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் போதும். அறுபது பேர் கொண்ட வகுப்பில் சரிபார்க்க வேண்டிய வரிசைகள் சிலவே என்று தெரியவரும்.

கவுன்சலிங் முடிந்து தாமதமாகச் சேர்ந்தவர்களுக்குச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவதா, வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தா? இதற்கு விதியிலோ கல்லூரியின் எழுத்து மூலமான உத்தரவிலோ விடை இருக்க வேண்டும். அட்வைசர் இரக்கப்பட்டோ கண்டிப்பு காட்டியோ கோப்புக்குள்ளேயே தீர்மானிக்கிற விஷயம் அல்ல இது.

ஓ.டி.யை எங்கே வைப்பது?

விளையாட்டு, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., பிற கல்லூரி விழாக்கள் என்று கல்லூரி சார்பாகப் போகிறவர்களுக்கு ஆன் டியூட்டி, அதாவது ஓ.டி. கொடுக்கிறார்கள். அதைக் கணக்கில் சேர்க்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

300 பீரியடில் ஒருவர் 210-க்கு வகுப்பில் இருந்தார். 20 பீரியட் ஓ.டி.; மீதி 70-க்கு வரவில்லை. ஓ.டி.யை வந்ததாகவே வைத்தால் 230/300, அதாவது 76.67. அந்த 20 பீரியடை அவருக்கு நடக்காததாகவே கருதி வகுக்கும் எண்ணிலிருந்து கழித்தால் 210/280, சரியாக 75. எதிலும் சேர்க்காவிட்டால் 210/300, அதாவது 70. மூன்றில் எது என்று கல்லூரி ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

பிரச்சினை, இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது வருகிறது. பாட ஆசிரியர் ஏற்கெனவே ஓ.டி.யை P என்று போட்டுக் கொடுத்திருப்பார். அட்வைசர் ஓ.டி. கடிதங்களைப் பார்த்து வகுக்கும் எண்ணிலிருந்தும் 20-ஐக் கழிப்பார். விடை 230/280, அதாவது 82.14. ஒரே விடுப்புக்கு இரட்டைப் பலன். இல்லாவிட்டால், P என்று போட்டதன் மேல் இன்னொரு 20-ஐக் கூட்டி 250/300 ஆக்குவார். இதைத் தவிர்க்கும் வழி, அன்றாடப் பதிவில் P-யையும் ஓ.டி.யையும் வேறு வேறு குறியாகவே வைத்து, கடைசியில் ஒரே ஒரு இடத்தில் சேர்ப்பது.

இன்று குறைவு, முடிவில் எவ்வளவு?

செமஸ்டர் நடுவில் அனுப்பும் பட்டியலுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. அது தண்டனைப் பட்டியல் அல்ல. இன்னும் சரிசெய்ய நேரம் இருக்கும்போது போகும் எச்சரிக்கை. ஆனால் வெறும் சதவீதத்தைச் சொன்னால் அந்த எச்சரிக்கை தவறாகப் புரிந்துகொள்ளப்படும்.

பத்து வாரம் முடிந்து 200 பீரியட் நடந்திருக்கிறது. ஒரு மாணவர் 140-க்கு வந்திருக்கிறார்: 70 சதவீதம். “அஞ்சு பர்சென்ட்தானே குறையுது” என்று அவர் நினைப்பார். வீட்டிலும் அப்படியே சொல்வார். உண்மை இப்படி இருக்கிறது: முடிவில் 300-க்கு 225 வேண்டும். இருப்பது 140. இன்னும் 85 வேண்டும். மீதம் இருப்பது 100. அதாவது இனி வரும் வகுப்புகளில் 85 சதவீதம் வர வேண்டும். ஐந்து வாரத்தில் அவர் விடக்கூடியது 15 பீரியட் மட்டுமே.

முக்கால் பங்கு விதியில் மனக்கணக்காகவே ஒன்றைச் சொல்லலாம்: வராத ஒவ்வொரு பீரியடுக்கும் மூன்று பீரியட் வந்தால்தான் சமன் ஆகும். இவர் 60 பீரியட் வரவில்லை. அதை ஈடுகட்ட 180 பீரியட் வந்திருக்க வேண்டும், 140-தான் வந்திருக்கிறார். இனி ஒன்றுகூட விடாமல் 40 பீரியட் வந்தால், 240-க்கு 180 என்று கோட்டைத் தொடுவார். வாரத்துக்கு 20 பீரியட் என்பதால் அது முழுதாக இரண்டு வாரம். இந்த “இரண்டு வாரம் ஒரு வகுப்பும் விடாதே” என்ற சொல், 70% என்ற எண்ணைவிட மாணவருக்கு உடனே விளங்கும்.

அதே நாளில் 120 பீரியட் வந்த இன்னொருவர் இருந்தால்? அவருக்கு 105 வேண்டும், மீதமோ 100. இனி முழுதாக வந்தாலும் 75-ஐத் தொட மாட்டார். 220-இல் நின்று 73.33 ஆவார். அண்ணா பல்கலைக்கழக விதியானால், முழுதாக வந்தால் 65-க்கு மேலே இருக்கலாம் என்பதையும், உண்மையான மருத்துவக் காரணம் இருந்தால் சான்றிதழை இப்போதே ஒழுங்கு செய்ய வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். இவ்விருவரையும் ஒரே சிவப்பு நிறத்தில் காட்டும் பட்டியல் இருவருக்குமே உதவாது. 200-ஆவது பீரியடில் இவர்களைப் பிரிக்கும் எண் 125. அதற்குக் குறைந்தால் 75 கைக்கு எட்டாது.

இந்த எண்ணைக் கணக்கிடும்போது பின்னம் வந்தால் எப்போதும் மேலே ஏற்ற வேண்டும். பாடவாரி விதியில் ஒரு பாடத்துக்கு 43 பீரியட் நடந்திருந்தால் முக்கால் பங்கு 32.25. வழக்கம்போல முழு எண்ணாக்கி 32 போதும் என்றால் தவறு. 32/43 என்பது 74.42-தான். 33 வர வேண்டும். எக்செலில் இதற்கு `ROUND` ஆகாது, `ROUNDUP` வேண்டும்.

பட்டியலை அனுப்பும்போது

குறைவானவர்களைத் தனியே எடுத்து ஒட்டும்போது எண்கள் ஆள் மாறுவதும் உண்டு. சதவீதப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் பெயர்கள் அசையாமல் நிற்க, எண்கள் மட்டும் இடம் மாறிவிடும். எக்செல் கேட்கும் கேள்விக்கு அவசரத்தில் தவறான பதிலைச் சொடுக்கினால் இது நடக்கும். வெவ்வேறு ஆசிரியர்களின் கோப்புகளை `VLOOKUP` கொண்டு இணைப்பவர்கள் கடைசியில் `FALSE` என்று போட மறந்தால், பதிவெண் சரியாகப் பொருந்தாத இடத்தில் பக்கத்து மாணவரின் எண்ணை அது எடுத்துக் கொடுக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பெயரை வைத்துப் பொருத்துவது அதைவிட ஆபத்து. ஒரு வகுப்பில் இரண்டு கார்த்திக் இருப்பது புதிதல்ல. பட்டியலில் முதல், நடு, கடைசி என மூன்று பதிவெண்களையாவது மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

துறைத் தலைவருக்குப் போகும் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நடந்தது, வந்தது, ஓ.டி., தேவை, எத்தனை குறைவு என்று பீரியட் எண்ணிக்கையாகவே இருக்க வேண்டும். தலைப்பில் எந்தத் தேதி வரையிலான கணக்கு, எந்த விதிமுறை, முழு எண்ணாக்கியதா இல்லையா என்ற மூன்றும் இருக்க வேண்டும். மாணவருக்கும் பெற்றோருக்கும் அவரவர் வரிசை மட்டும் போக வேண்டும். முழுக் கோப்பையும் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், மறைத்து வைத்த பத்தியில் இருக்கும் நோய் விவரத்தை எவரும் இரண்டு சொடுக்கில் திறந்து பார்த்துவிடலாம்.

பட்டியலை இறுதியாக்குவதற்கு முன் மாணவர்கள் தம் தேதிவாரிப் பதிவைப் பார்த்து ஆட்சேபம் சொல்லச் சில நாள் கொடுக்க வேண்டும். “அன்றைக்கு எனக்கு ஓ.டி. இருந்தது, சார், கடிதம் ஆபீஸில் கொடுத்தேன்” என்று ஒருவர் சொன்னால், அந்தத் தேதியின் கட்டத்தைத் திறந்து பார்த்துத் திருத்த முடிய வேண்டும். சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. திருத்தம் மூலப் பதிவில் நடக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் 74-ஐ அழித்து 75 என்று எழுதினால் அடுத்த முறை கோப்பைத் திறப்பவருக்கு எதுவும் விளங்காது.

காரணத்தை எடைபோடும் வேலையை மட்டும் கோப்பிடம் விடக் கூடாது. 65-க்கும் 74-க்கும் நடுவே நிற்கும் ஒருவர் டெங்கு வந்து மருத்துவமனையில் கிடந்தாரா, வகுப்பைப் புறக்கணித்தாரா என்பது எந்தச் சூத்திரத்துக்கும் தெரியாது. அதைக் கல்லூரி முதல்வர் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்வார். அவர் முன் வைக்கப்படும் எண் சரியாக இருந்தால், யாருக்குக் காரணம் கேட்க வேண்டும், யாரிடம் கேட்கவே தேவையில்லை என்பது தெளிவாகும். 226 பீரியட் வந்த மாணவர் எவரிடமும் போய் நிற்க வேண்டியிருக்காது.